குளியலறை வாளியில் தொடங்க வேண்டிய ஸ்கிரிப்ட்

போன எபிசோட்டின் கடைசியில், "அறிவிப்பை வீடியோவாக்குறது மொழிபெயர்ப்பு வேலை இல்லை" எண்டு ஒரு வசனத்தைச் சொல்லிப்போட்டு, நேரம் முடிஞ்சுது எண்டு ஓடிவிட்டோம். அது என்ன கதை எண்டு சிலர் கேட்டு எழுதியிருந்தீர்கள். ஒலியில் சொன்னால் இழுபடும். அதனால் இந்தக் கிழமை எழுத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

டோர்செட் பார்க்கில், கென்னடி ரோட்டுப் பக்கம் இருக்கிற ஒரு பழைய உயர்மாடிக் கட்டடத்துக்காக நானும் இரண்டு நண்பர்களும் செய்த வேலை இது. அந்தக் கட்டடத்தில் மாடிக்கு ஒரு குப்பைக் குழாய் இருக்கிறது. கதவைத் திறந்து பையைப் போட்டால் அது கீழே கொம்பாக்டர் அறையில் போய் விழும். நீல வாளியும் பச்சை வாளியும் கீழே, பின்பக்கத்தில். குழாய்க் கதவுக்கு மேலே ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. ஆங்கிலத்திலும் தமிழிலும் கிட்டத்தட்ட முந்நூறு சொல். அதை வீடியோவாக்கித் தரச்சொல்லி நிர்வாகம் கேட்டது. வீடியோ இரண்டு கூட்டத்துக்குப் போக வேண்டும். ஒன்று குடியிருப்பவர்கள். மற்றது அந்த வீடுகளுக்கு வேலைக்கு வருகிறவர்கள்: துப்புரவுக்கு வாற அக்காமார், பிள்ளை பார்க்க வருகிறவர்கள், வயதானவர்களைப் பார்க்க வருகிற பி.எஸ்.டபிள்யூ.

தமிழ்ப் பகுதியை முதலில் பாருங்கள். "கரிமக் கழிவுகள்", "மீள்சுழற்சிக்கு உட்படுத்தக்கூடிய பொருட்கள்", "மாசுபடுத்தலைத் தவிர்க்கவும்." இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் கரிமம் என்றால் நம்மில் பாதிப் பேருக்குப் பள்ளிக்கூட இரசாயனவியல் ஞாபகம் வரும், மீன் முள் ஞாபகம் வராது. "மாசு" என்றால் புகை, நஞ்சு. இங்கே சொல்ல வந்தது அது இல்லை. நீல வாளிக்குள் சாப்பாடு ஒட்டிய பெட்டி போய், பக்கத்தில் கிடந்த பேப்பரையும் நனைத்து, எல்லாம் சேர்ந்து குப்பைக்குப் போவதைத்தான் அவர்கள் மாசுபடுத்தல் என்கிறார்கள். வாயால் சொன்னால் "கலந்து போச்சு" எண்டுதான் சொல்லுவோம். ஸ்கிரிப்டில் அந்தச் சொல்லைத்தான் வைத்தோம்.

சொல் மாற்றுவது லேசான பகுதி. வரிசைதான் பெரிய பிரச்சினை. அறிவிப்பு வாளி வாளியாகப் போகிறது: நீலத்துக்குள் இவை, பச்சைக்குள் இவை, குப்பைக்குள் இவை. சுவரில் தேடிப் பார்க்கிற தாளுக்கு அது சரி. ஆனால் ஒரு பொருளைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற ஆளுக்கு அது தலைகீழ். கையில் இருப்பது பொருள், தேடுவது வாளி. வீடியோவில் பின்னோக்கித் தேடவும் முடியாது, ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் ஸ்கிரிப்ட் பொருளில் தொடங்கி வாளியில் முடிய வேண்டும். அதுவும், எந்தப் பொருள் எந்த நேரத்தில் யாருடைய கைக்கு வருகிறதோ அந்த ஒழுங்கில்.

இதை எழுதுவதற்கு முன் நாங்கள் செய்த ஒரே ஆராய்ச்சி, வீட்டு வேலைக்கு வருகிற ஒரு அக்காவோடு இருந்து கதைத்ததுதான். "வீட்டுக்குள்ள போனவுடன எந்தக் குப்பையை முதல் எடுப்பீங்கள்?" எண்டு கேட்டேன். குசினி எண்டு சொல்லுவா எண்டுதான் நினைத்தோம். "குளியலறை" எண்டா. குசினிக் குப்பையை வீட்டுக்காரர் பெரும்பாலும் தாங்களே கொண்டுபோய்ப் போடுவினம், மணக்கும் எண்டபடியால். குளியலறையிலும் படுக்கையறையிலும் இருக்கிற சின்ன வாளிகளை ஒருத்தரும் தொடுறேல்லை, அது தனக்கெண்டே வைத்திருக்கும் எண்டா. நான் பார்த்த அறிவிப்புகள் எல்லாம் வாழைப்பழத் தோலில்தான் தொடங்குகின்றன. குளியலறை கடைசியில் ஒரு வரி, இல்லாவிட்டால் அதுவும் இல்லை.

அந்தச் சின்ன வாளிக்குள் என்ன இருக்கும் எண்டு யோசியுங்கள். டிஷ்யூ, பாட், வைப்ஸ், ரேசர், ஷாம்பூப் போத்தல், பற்பசைக் குழாய், டொய்லெட் பேப்பர் சுற்றியிருந்த மட்டை, சில வீடுகளில் பம்பர்ஸ், சீனி வருத்தக்காரர் இருந்தால் ஊசி. எல்லாம் ஒரே பைக்குள். ரொறன்ரோ விதிப்படி இது நாலு இடத்துக்குப் பிரிய வேண்டும். டிஷ்யூ, பாட், பம்பர்ஸ் பச்சை. வைப்ஸும் ரேசரும் குப்பை. போத்தலும் மட்டையும் நீலம். ஊசி ஒரு வாளிக்கும் இல்லை, தடித்த மூடிய பெட்டியில் பார்மசிக்குத் திரும்பிப் போக வேண்டும்.

இப்போது அறிவிப்பின் வசனத்தை அப்படியே அந்த அக்காவிடம் கொடுங்கள்: "கழிவுகளை முறையாக வகைப்படுத்தி உரிய கொள்கலன்களில் இடவும்." இதன் நடைமுறை அர்த்தம், வேறொருவர் பாவித்துப் போட்ட வாளிக்குள் கைவிட்டுக் கிளறு என்பதுதான். ஊசி இருக்கக்கூடிய பைக்குள். எழுதியவருக்கு அந்த எண்ணம் இருந்திருக்காது. ஆனால் "குடியிருப்பாளர்" எண்டு எழுதிய வசனத்தை "வேலைக்கு வருபவர்" எண்டு பெயரை மாற்றி வீடியோவாக்கினால் வந்து முடிகிற இடம் அதுதான்.

அதனால் என் கருத்து: இரண்டு கூட்டத்துக்கும் ஒரே வீடியோ போடக்கூடாது. பிரிக்கிற வேலை பொருளைப் போடுகிற கைக்கு உரியது. கொண்டுபோகிற வேலை மற்றக் கைக்கு. ஸ்கிரிப்ட் அந்தக் கோட்டைத் தெளிவாகக் கீற வேண்டும். குடியிருப்பவருக்கான துண்டில், குளியலறையில் இரண்டு சின்ன வாளி வைக்கச் சொல்கிறோம், ஒன்று பச்சைக்கு, ஒன்று குப்பைக்கு. போத்தலையும் மட்டையையும் வெளியே வைக்கச் சொல்கிறோம். வேலைக்கு வருபவருக்கான துண்டு இப்படி வந்தது:

படம்: குளியலறைத் தரை, மேலிருந்து. இரண்டு சின்ன வாளி. கையுறை போட்ட கைகள்.

குரல்: "இரண்டு வாளி இருக்கோ? பச்சைத் துணி கட்டியிருக்கிற வாளியின்ர பையை முடிஞ்சு, கீழ இருக்கிற பச்சை வாளிக்குள்ள போடுங்கோ. மற்றதை முடிஞ்சு குழாய்க்குள்ள போடுங்கோ. ஒரு வாளிதான் இருக்கோ? எல்லாம் கலந்து கிடக்கோ? கை விடாதேங்கோ. அப்பிடியே முடிஞ்சு குழாய்க்குள்ள போடுங்கோ. அது உங்கட பிழை இல்லை. ஊசி கண்டா வாளியைத் தொடாதேங்கோ. வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுங்கோ."

"கலந்திருந்தால் குப்பைக்கே போகட்டும்" என்ற வசனத்துக்கு நிர்வாகப் பக்கத்திலிருந்து எதிர்ப்பு வந்தது. பிரிக்கச் சொல்லும் வீடியோவில் பிரிக்காதே என்று சொல்லலாமா எண்டு. நான் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு காரணம். ஒன்று ஊசி. மற்றது, அப்படிச் சொல்லாவிட்டாலும் கலந்த பை எங்கேயோ போகத்தான் போகிறது. பயத்தில் அது நீல வாளிக்குள் போனால் சேதம் அதிகம்.

பச்சை வாளிக்குள் பம்பர்ஸா எண்டு புருவம் தூக்குகிறவர்களுக்காக ஒரு சின்ன விலகல். தொழில்நுட்ப நியூஸ்லெட்டர்தானே, இது இல்லாமல் எப்படி. ரொறன்ரோவின் பச்சை வாளிக் கழிவு டஃபரின், டிஸ்கோ ரோட் என்ற இரண்டு நகர ஆலைகளில் பதப்படுகிறது. அங்கே முதல் வேலையாக எல்லாவற்றையும் தண்ணீரோடு சேர்த்துப் பெரிய மிக்ஸி மாதிரி ஒரு இயந்திரத்தில் அடிக்கிறார்கள். உணவும் கடதாசி நாரும் கூழாகிவிடும். பிளாஸ்டிக் கூழாகாது, அதை வாரி எடுத்துவிடலாம். கூழ் காற்றில்லாத தொட்டிக்குள் போய் வாயுவாகிறது. அதனால்தான் இங்கே பம்பர்ஸும் போகலாம், சாதாரண பிளாஸ்டிக் பையில் கட்டியும் போடலாம். "கொம்போஸ்டபிள்" எண்டு அச்சடித்த கரண்டியும் கிண்ணமும் போகக்கூடாது என்பதற்கும் இதுதான் காரணம். இயந்திரத்துக்கு அதுவும் பிளாஸ்டிக் மாதிரித்தான்.

ஆனால் இது ரொறன்ரோவின் இயந்திரம். பிராம்ப்டனுக்கும் மிசிசாகாவுக்கும் பொறுப்பான பீல் பிராந்தியத்தில் பம்பர்ஸ் பச்சைக்குள் போகாது, பிளாஸ்டிக் பையும் கூடாது, மக்கும் பை வேண்டும். அந்த அக்கா திங்கட்கிழமை டோர்செட் பார்க்கில், வியாழக்கிழமை பிராம்ப்டனில். ஒரே நிற வாளி, இரண்டு விதி. வேறு ஊரில் சரியாகப் பழகி வந்தவர்களுக்கும் இதே சிக்கல்தான். பெங்களூரில் 2015 டிசம்பரில் உயர்நீதிமன்ற உத்தரவோடு வந்த இரண்டு வாளி ஒரு பை முறையில் பச்சை என்றால் ஈரக் கழிவு மட்டும். பாடும் பம்பர்ஸும் சிவப்பு வாளிக்கு. அங்கே பச்சைக்குள் பம்பர்ஸ் போட்டால் பெரிய பிழை. இலங்கையில் நீலம் என்றால் பேப்பருக்கு மட்டும், பிளாஸ்டிக்குக்குச் செம்மஞ்சள். கொழும்பில் ஒழுங்காகப் பிரித்தவர் இங்கே நீல வாளிக்கு முன் யோசித்துக்கொண்டு நிற்பார். அறியாமை இல்லை அது. வேறு ஊரின் சரியான அறிவு.

ஆகவே எங்கள் ஸ்கிரிப்டில் ஒவ்வொரு துண்டும் ஊரின் பெயரோடு தொடங்குகிறது: "இது ரொறன்ரோ. இந்தக் கட்டடம்." மூன்று செக்கன்தான் போகும். நண்பர் ஒருவர் அதை வெட்டச் சொன்னார், பார்ப்பவர்களுக்குத் தாங்கள் எங்கே இருக்கிறோம் எண்டு தெரியாதா எண்டு. வாட்ஸப்பில் போன பிறகு வீடியோவுக்கு ஊர் கிடையாது. அதே துண்டு அடுத்த நாள் பிராம்ப்டன் குடும்பக் குழுவில் நிற்கும்.

நிற்பது மட்டும் இல்லை, கிழவியாகவும் போகும். இதுதான் எனக்குப் பெரிய கவலை. 2026 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவில் நீல வாளி நகரத்தின் பொறுப்பில் இல்லை. பொருளைத் தயாரித்து விற்கிற நிறுவனங்களின் சார்பில் சேர்க்குலர் மெட்டீரியல்ஸ் என்ற அமைப்பு அதைப் பார்க்கிறது. பச்சையும் குப்பையும் இன்னும் நகரத்திடம். அதோடு மாகாணம் முழுக்க ஒரே பட்டியல் வந்தது. ரொறன்ரோவில் வருடக்கணக்காகக் குப்பைக்குப் போன கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி, கோப்பிக் கப், பற்பசைக் குழாய் எல்லாம் இப்போது நீலத்துக்குள் போகும். எங்கள் கட்டடத்தின் குழாய்க் கதவுத் தாள் இன்னும் கறுப்புப் பெட்டிக்குக் குறுக்கே சிவப்புக் கோடு போட்டுக்கொண்டு நின்றது. கொத்துரொட்டி வாங்கினால் வருவது அந்தப் பெட்டிதானே. அந்தத் தாளை நம்பி ஒரு வீடியோ எடுத்திருந்தால் அது வெளியான அன்றே பிழை.

தாளைக் கிழிக்கலாம். முன்னூறு போன்களுக்குள் போன வீடியோவைக் கிழிக்க முடியாது. இதற்கு நாங்கள் கண்ட வழி, ஒரு நீள வீடியோ எடுக்காமல் ஆறு துண்டாக எழுதுவது. ஒவ்வொன்றும் 40 செக்கன். நிதானமாக வாசித்தால் 40 செக்கனுக்கு எழுபது சொல் அளவுதான் கொள்ளும், ஆகவே ஒரு துண்டுக்கு ஒரு இடம், ஒரு முடிவு. அடிக்கடி மாறக்கூடிய பொருட்கள் எல்லாவற்றையும் ஒரே துண்டுக்குள் ஒதுக்கிவிட்டோம். கையுறை, முடிச்சு, லிஃப்ட் மாதிரி மாறாத விஷயங்கள் மற்ற ஐந்தில். விதி மாறினால் ஒரு துண்டை மட்டும் திரும்ப எடுக்கலாம். முதல் பிரேமில் கட்டடத்தின் முகவரியும் மாதமும் வருடமும். குழாய்க் கதவில் ஒரு கியூ.ஆர். கோட், அது எப்போதும் கடைசியாக எடுத்த துண்டுக்குப் போகும். நிர்வாகம் மின்னஞ்சலில் மட்டும் அனுப்பியிருந்தால் வேலைக்கு வருபவர் அதைக் காணவே மாட்டார். அவருக்கும் கட்டடத்துக்கும் இருக்கிற ஒரே சந்திப்பு அந்தக் கதவுதான்.

படத்தில் யாரும் வாய் திறந்து கதைக்கவில்லை. கைகள் மட்டும். எழுத்தும் இல்லை. இது அழகுக்காக இல்லை: அதே படத்துக்குத் தமிழ்க் குரல், ஆங்கிலக் குரல், பிலிப்பினோ அக்காமாருக்கு டகாலோக் குரல் என்று மூன்று ஒலித்தடம் போடலாம். படம் எடுப்பதுதான் செலவு, குரல் போனிலேயே பதியலாம். தமிழ்க் குரலில் "மறுசுழற்சி"யா "மீள்சுழற்சி"யா என்று சென்னை நண்பரும் நானும் ஒரு பின்னேரம் முழுக்க அடிபட்டோம். கடைசியில் இரண்டையும் எடுத்துவிட்டு "நீல வாளி" எண்டு மட்டும் வைத்தோம். நிறம் சண்டைக்கு வராது.

நீல வாளித் துண்டில் மட்டும் ஒரு பழக்கத்தோடு நேராக மோத வேண்டியிருந்தது. நம் ஆட்கள் துப்புரவானவர்கள். போத்தல், பெட்டி எல்லாவற்றையும் கறுப்புப் பைக்குள் போட்டு, இறுக்க முடிந்து, அந்தப் பையோடேயே நீல வாளிக்குள் போடுவார்கள். ஆலையில் ஓடும் பட்டைக்கு முன் நிற்பவருக்கு அந்தக் கறுப்புப் பைக்குள் என்ன எண்டு தெரியாது. அதைத் திறந்து பார்க்க நேரமும் இல்லை, அப்படியே குப்பைக்குப் போகும். அறிவிப்பில் இதற்கு "பொருட்களைத் தளர்வாக இடவும்" என்று இருந்தது. தளர்வாக என்றால் என்ன எண்டு நானே இரண்டு தரம் வாசித்தேன். ஸ்கிரிப்டில் அது ஒரே அசைவு: பையைக் கவிழ்த்துக் கொட்டுகிற கை, வெறும் பையோடு திரும்பி வருகிற கை. "கொட்டுங்கோ. பையைத் திருப்பிக் கொண்டு வாங்கோ." வேறு சொல் இல்லை.

விளங்கிச்சுதா எண்டு எப்படித் தெரியும்? எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண் ஒன்றும் சொல்லாது. நாங்கள் செய்தது, சத்தத்தை நிறுத்திவிட்டு ஒருவருக்குத் துண்டைக் காட்டி, பிறகு ஐந்து பொருளைக் கையில் கொடுப்பது. ஈர டிஷ்யூ, வைப்ஸ், கொத்துரொட்டிப் பெட்டி, ரின்மீன் பேணி, முட்டைக் கோது. எங்கே தயங்குகிறாரோ அந்த இடத்தில்தான் ஸ்கிரிப்ட் பலவீனம். வைப்ஸில்தான் எல்லோரும் தடுக்கினார்கள், அது டிஷ்யூ மாதிரித்தானே இருக்கிறது. அதனால் அந்த ஷொட்டில் இரண்டையும் பிய்த்துக் காட்டினோம். டிஷ்யூ கிழிந்தது, வைப்ஸ் இழுபட்டது. அதற்குப் பிறகு விளக்கம் தேவைப்படவில்லை. கட்டடத்தில் என்ன மாறியது என்பதற்கு, வண்டி வருவதற்கு முதல் நாள் பின்னேரம் நீல வாளிகளின் மூடியைத் திறந்து, முடிந்த கறுப்புப் பை எத்தனை எண்டு எண்ணச் சொல்லி சுப்பரிடம் கேட்டோம். வீடியோ போவதற்கு முன் நாலு கிழமை, போன பின் நாலு கிழமை. இதைவிட நம்பத்தக்க அனலிட்டிக்ஸ் எனக்குத் தெரியாது.

நிர்வாகம் ஸ்கிரிப்டில் சேர்க்கச் சொன்ன ஒரு வரியை மட்டும் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். "பிரித்தால் உங்களுக்கே பணம் மிச்சம்." ரொறன்ரோவில் உயர்மாடிக் கட்டடங்களிடம் குப்பையின் கனஅளவுக்குத்தான் கட்டணம் அறவிடுகிறார்கள். குப்பை குறைந்தால் கட்டணம் குறையும், உண்மை. ஆனால் அந்தக் கட்டணத்தைக் கட்டுவது கட்டட உரிமையாளர். வாடகை இருப்பவருக்கு அதனால் வாடகை குறையாது, வேலைக்கு வருபவருக்கு ஒரு சதமும் இல்லை. பொய்யான ஆசை காட்டினால் முதல் கேள்வியிலேயே பிடிபடும், பிறகு மற்ற ஐந்து துண்டையும் நம்ப மாட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குப்பைக் குழாய் பதினான்காம் மாடியில் கதவுக்கு வெளியே பத்து அடியில் இருக்கிறது. பச்சை வாளி லிஃப்ட் பிடித்துக் கீழே போய், பின் கதவால் வெளியே, ஜனவரியில் பனிக்கு மேலே நடந்து போகிற தூரத்தில். மீன் தண்ணி வடிகிற பையோடு லிஃப்டில் நிற்கிற சங்கடத்தை எந்த ஸ்கிரிப்டும் தீர்க்காது. தனிவீடுகளை விட உயர்மாடிகளில் பிரிப்பது பாதிக்கும் குறைவாக இருப்பதற்கு எனக்குத் தெரிந்து இதுதான் முதல் காரணம், மொழி இல்லை. வீடியோ மலிவு, அதனால்தான் முதலில் வீடியோ கேட்கிறார்கள். ஒரு பச்சை வாளியை முன் வாசல் பக்கம், வேலைக்கு வருபவர் வீட்டுக்குப் போகிற வழியில் வைத்தால் லிஃப்ட் துண்டே தேவைப்படாது எண்டு நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறோம். மணக்கும் எண்டு பதில் வந்தது. மூடி இறுகப் பூட்டுகிற வாளி இருக்கிறது எண்டு திருப்பி எழுதியிருக்கிறோம். இதுவரை ஐந்து துண்டு முடிந்துவிட்டது. ஆறாவது, லிஃப்ட் துண்டு, அந்தப் பதில் வரும் வரைக்கும் எடுக்கப்படாமல் நிற்கிறது.